முன்னால் மோதும்போது ஏர்பேக், பெல்ட், காரின் மூக்கு மூன்றும் சேர்ந்து என்ன செய்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊத்தான் மெலிந்தாங் பக்கம் காப்பிக்கடையிலும், கார் பட்டறையிலும், கோவில் வாசலிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம். நேருக்கு நேர் மோதலைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். பக்கவாட்டில் மோதுவதும் கார் உருண்டு விழுவதும் வேறு கதை.

அண்ணே, காடியில ஏர்பேக் இருக்கு. அப்புறம் எதுக்கு பெல்ட்?

ஏர்பேக் தனியாக வேலை செய்யும் பொருள் இல்லை. பெல்ட் போட்டிருக்கும் ஆள் எந்த வேகத்தில், எந்த இடத்தில், எந்த நேரத்தில் வந்து சாய்வார் என்று கணக்குப் போட்டுத்தான் அதன் அளவையும், அது விரியும் நேரத்தையும், காற்று வெளியேறும் துளையையும் முடிவு செய்கிறார்கள். பெல்ட் இல்லாதவர் அந்தக் கணக்குக்கு வெளியே போய்விடுகிறார். சீக்கிரமாக வந்துவிடுவார், அதிக வேகத்தில் வருவார், கோணலாகவும் வருவார்.

உடம்பின் கனமான பாகங்களான இடுப்பையும் நெஞ்சையும் பிடிப்பது பெல்ட். ஏர்பேக் பார்த்துக்கொள்வது தலையையும், நெஞ்சின் கடைசிச் சில சென்டிமீட்டர் பயணத்தையும்தான். ஏர்பேக் மூடியில் போட்டிருக்கும் எஸ்ஆர்எஸ் என்ற பெயரிலேயே இது இருக்கிறது: துணைப் பாதுகாப்பு என்பதுதான் அதன் பொருள். பெல்ட்தான் முதல், ஏர்பேக் அதற்குத் துணை.

இப்ப வர்ற காடியெல்லாம் தகரம் மாதிரி நசுங்குது. அப்பா வெச்சிருந்த பழைய காடி கெட்டி இரும்பு. அதுதானே பாதுகாப்பு?

நசுங்குவதுதான் முன்பக்கத்தின் வேலை. 56 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் பாலத்துச் சுவரில் நேராக மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். மூக்கு 60 சென்டிமீட்டர் நசுங்கிக் கார் நின்றால், சராசரியாக ஒவ்வொரு பொருள் மீதும் அதன் எடையைப் போல் 20 மடங்கு விசை விழும். அதே கார் 15 சென்டிமீட்டர் மட்டும் நசுங்கி நின்றால் அது 80 மடங்கைத் தாண்டும். வேகம் ஒன்றுதான், சுவரும் ஒன்றுதான். நிற்பதற்குக் கிடைத்த தூரம்தான் மாறியது.

பழைய கார் கெட்டி என்பதிலும் பாதிதான் உண்மை. தகடு தடிப்பாக இருந்தது, ஆனால் எது நசுங்க வேண்டும், எது நசுங்கக் கூடாது என்ற பிரிவினை இல்லை. 2009-இல் அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான ஐஐஎச்எஸ் 1959-ஆம் ஆண்டு செவர்லே பெல் ஏர் காரையும் 2009-ஆம் ஆண்டு செவர்லே மலிபு காரையும் நேருக்கு நேர் மோதவிட்டது. கனமான பழைய காரில் ஆள் உட்காரும் இடமே சுருங்கிப் போனது. புதிய காரின் மூக்கு அப்பளமாக நொறுங்கியது, ஆனால் உள்ளே ஆள் இடம் அப்படியே இருந்தது. இன்றைய காரில் முன்பக்க நீள் சட்டங்கள் மடிந்து கொடுக்கும். கதவு, கூரைத் தூண், கால் வைக்கும் தளம் உள்ள கூண்டு உயர்வலு எஃகு, அது மடியக் கூடாது.

மோதின உடனே எது முதல்ல வேலை செய்யும், எது அப்புறம்? வரிசையா சொல்லுங்க.

மேலே சொன்ன அதே 56 கிலோமீட்டர் மோதலை எடுத்துக்கொள்வோம். ஒரு வினாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு மில்லி வினாடி. இந்தக் கதை முழுவதும் 150 மில்லி வினாடிக்குள் முடிந்துவிடும். கண் சிமிட்டும் நேரம் கூட இல்லை. கீழே வரும் நேரங்கள் காருக்குக் கார் கொஞ்சம் கூடும், குறையும், வரிசை மாறாது.

பம்பருக்குள் இருக்கும் குறுக்குச் சட்டம் சுவரைத் தொட்டதும், அதற்குப் பின்னால் உள்ள சின்னப் பெட்டி வடிவத் துண்டுகள் மடியத் தொடங்கும். அடுத்து நீள் சட்டங்கள் துருத்தி போல் மடிப்பு மடிப்பாக நசுங்கும். ரேடியேட்டர் அருகில் உள்ள உணரியும், கியர் கம்பிக்குக் கீழே தரையோடு திருகப்பட்ட கட்டுப்பாட்டுப் பெட்டியும் வேகம் குறைவதை அளந்து, 10 முதல் 15 மில்லி வினாடிக்குள் இது மோதல்தான் என்று முடிவு செய்யும். இந்த நேரத்தில் கார் ஏற்கனவே ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நசுங்கியிருக்கும். ஓட்டுநரோ இருக்கையை விட்டு 2 சென்டிமீட்டர்தான் முன்னே வந்திருப்பார். அவருக்கு இன்னும் ஒன்றுமே தெரியாது.

கட்டுப்பாட்டுப் பெட்டி முதலில் பெல்ட் பிரிடென்ஷனருக்கு மின்சாரம் கொடுக்கும். சுமார் 10 மில்லி வினாடியில் அது பெல்ட்டைச் சுருட்டி உடம்போடு ஒட்டவைத்துவிடும். அதோடு சேர்ந்தோ, அடுத்த சில மில்லி வினாடியிலோ ஏர்பேக்குக்கும் கட்டளை போகும். ஸ்டீயரிங் நடுவில் உள்ள மூடி கிழிந்து, 50, 60 லிட்டர் கொள்ளும் பை 30 மில்லி வினாடி அளவில் நிரம்பி நிற்கும். அது நிரம்பி முடிக்கும்போது உங்கள் தலை இன்னும் அதைத் தொட்டிருக்கக் கூடாது. இந்த இடைவெளிதான் இந்த ஏற்பாட்டின் உயிர்.

50 மில்லி வினாடியைத் தாண்டும்போது தலையும் நெஞ்சும் பையில் சாயும். பைக்குப் பின்புறம் உள்ள துளைகள் வழியாகக் காற்று வெளியேறிக்கொண்டே இருக்கும். அது பந்து போல் திருப்பி அடிக்காமல், தலையணை போல் அமுங்கிக் கொடுப்பது இதனால்தான். 80 மில்லி வினாடி அளவில் கார் நின்றுவிடும். அதற்குச் சற்றுப் பின் உடம்பும் நின்று, இருக்கைக்குத் திரும்பி, பின் தலை ஹெட்ரெஸ்ட்டில் முட்டும். 150-க்குள் பை தொங்கிப் போயிருக்கும்.

அதே மோதல்ல பெல்ட் போடாம இருந்தா என்ன ஆகும்? நம்ம காடியில ஏர்பேக் ரெண்டு இருக்கு.

பெல்ட் இல்லை என்றால் கார் வேகம் குறைந்தாலும் உடம்பு அதே 56 கிலோமீட்டரில் போய்க்கொண்டே இருக்கும். நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் 35 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்தால், அதைக் கடக்க ஏறத்தாழ 59 மில்லி வினாடி ஆகும். அந்தக் கணத்தில் காரின் வேகம் சுமார் 13 கிலோமீட்டராகக் குறைந்திருக்கும். ஆக ஓட்டுநர் ஸ்டீயரிங்கைச் சந்திப்பது சுமார் 43 கிலோமீட்டர் வேகத்தில். மூக்கு 60 சென்டிமீட்டர் நசுங்கிக் கொடுத்ததே, அந்தத் தூரத்தில் அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. மூக்கு நசுங்கியது காருக்கு உதவியது, அவருக்கு உதவவில்லை.

பெல்ட் போட்டவருக்கு என்ன கணக்கு? காரோடு கட்டப்பட்டிருப்பதால் 60 சென்டிமீட்டரும் அவருக்கு உண்டு. உள்ளே பெல்ட் கொடுக்கும் இழுவையிலும் ஏர்பேக்கிலும் இன்னொரு 30 சென்டிமீட்டர். மொத்தம் 90 சென்டிமீட்டரில் நிற்கிறார். சராசரி விசை 14 மடங்குக்குக் குறைகிறது. 70 கிலோ ஆளுக்கு அது ஏறத்தாழ 960 கிலோ எடைக்குச் சமம், ஒரு கஞ்சில் காரின் எடையை விட அதிகம். அதைத் தோள்பட்டையும், இடுப்பெலும்பும், ஏர்பேக்கும், தரையை ஊன்றிய காலும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதனால் உடம்பு தாங்குகிறது.

ஏர்பேக் இருந்தும் பெல்ட் இல்லாதவருக்கு இன்னொரு ஆபத்து. மோதுவதற்கு முன் பெரும்பாலும் பிரேக் அடித்திருப்பார். அப்போதே உடம்பு இருக்கையின் விளிம்புக்கு வழுக்கி வந்திருக்கும். பை கிழிந்து வெளியே பாயும் நேரத்தில் முகம் அதன் மேலேயே இருக்கும்.

பெல்ட்டைக் கொஞ்சம் லூசா விட்டா வசதியா இருக்கு. 5 சென்டி தானே, அதுல என்ன?

அதே மோதலில் 5 சென்டிமீட்டர் தளர்வு இருந்தால், உடம்பு அந்தத் தளர்வை எட்ட 22 மில்லி வினாடி ஆகும். அதற்குள் உடம்புக்கும் காருக்கும் இடையே 16 கிலோமீட்டர் வேக வித்தியாசம் வந்துவிடும். அதன் பிறகுதான் பெல்ட் பிடிக்கத் தொடங்குகிறது, அதுவும் ஒரு வெட்டு வெட்டி. தடித்த சட்டை, முதுகுப் பின் வைத்த தலையணை, இருக்கையை அதிகம் சாய்த்துப் படுத்தபடி ஓட்டுவது, எல்லாமே இந்தத் தளர்வைத்தான் கூட்டுகின்றன.

தளர்வை எடுக்கத்தானே பிரிடென்ஷனர் இருக்கிறது என்று கேட்கலாம். அது இழுக்கும் நீளத்துக்கு எல்லை உண்டு, பெரும்பாலும் 10 முதல் 15 சென்டிமீட்டர். அந்த நீளத்தைச் சட்டை மடிப்பிலும், சுருளில் நெகிழ்ந்திருக்கும் நாடாவிலும் செலவழிக்க அது ஏற்கனவே கணக்கு வைத்திருக்கிறது. நீங்கள் வேண்டுமென்று விட்டது அந்தக் கணக்கில் இல்லை. பெல்ட்டைக் குத்தியதும் தோள் பக்கத்தை மேல் நோக்கி ஒரு இழு இழுங்கள். இடுப்பில் படிந்து உட்காரும். அவ்வளவுதான் வேலை.

பெல்ட்டுக்குள்ள வெடிமருந்து இருக்குன்னு சொல்றாங்க. உண்மையா?

உண்மை. தூணுக்குக் கீழ் பெல்ட் சுருண்டிருக்கும் உருளையோடு ஒரு சின்னக் குழாய் இருக்கும். அதற்குள் இருக்கும் கொஞ்சம் மருந்து எரிந்து வாயு ஆகும்போது, உலோகக் குண்டுகளையோ ஒரு பல்சட்டத்தையோ தள்ளும். அது உருளையைத் தலைகீழாகச் சுழற்றி நாடாவை உள்ளே இழுக்கும். சில கார்களில் இதே ஏற்பாடு பக்கிளில் இருக்கும். அங்கே பக்கிளே சில சென்டிமீட்டர் கீழே இறங்கிவிடும்.

இழுத்த பிறகு அதே இறுக்கத்தில் பிடித்தால் விலா எலும்பு முறியும். அதனால் உருளையின் நடுவே முறுக்குக் கம்பி ஒன்று வைத்திருப்பார்கள். தோள்பட்டையில் விசை ஏறத்தாழ 400 கிலோ எடைக்கு ஈடான அளவைத் தாண்டும்போது கம்பி முறுக்கிக்கொண்டு நாடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அந்தக் கணத்தில்தான் முன்னால் ஏர்பேக் நிரம்பி நிற்கிறது. பெல்ட் விட்டுக் கொடுக்கும் இடத்தில் ஏர்பேக் வாங்கிக்கொள்கிறது. நல்ல பட்டறைக்காரர் இந்த இரண்டில் ஒன்றை மட்டும் மாற்ற மறுப்பதற்கு இதுதான் காரணம்.

சத்தம் போடக்கூடாதுன்னு பக்கிள்ல கிளிப் சொருகியிருக்கேன். அதுக்கும் ஏர்பேக்குக்கும் சம்பந்தம் இல்லையே?

இருக்கிறது. பல கார்களில் பக்கிளுக்குள் உள்ள சுவிட்ச், பெல்ட் போட்டிருக்கிறதா என்ற தகவலைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அனுப்பும். பெல்ட் போட்டிருந்தால் ஏர்பேக் கொஞ்சம் பலமான மோதலுக்குத்தான் விரியும், ஏனென்றால் லேசான மோதலைப் பெல்ட்டே பார்த்துக்கொள்ளும். கிளிப் சொருகியவர் பெல்ட் போடவில்லை, ஆனால் கார் போட்டதாக நம்புகிறது. நடுத்தர மோதலில் பெல்ட்டும் இல்லை, பையும் விரியவில்லை என்ற நிலை வரும். பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் விட்டுக் குத்தி வைப்பதும் இதே கதைதான்.

பக்கத்து வீட்டு மச்சான் காடி முன்னால அடிச்சும் ஏர்பேக் வரலை. கம்பெனி ஏமாத்திட்டான்னு சொல்றாரு. சரியா?

பெரும்பாலும் இல்லை. ஏர்பேக் விரிவதற்குச் சேதம் அல்ல, வேகம் எவ்வளவு சீக்கிரம் குறைந்தது என்பதுதான் அளவு. பெல்ட் போட்டவருக்குப் பொதுவாக ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வேகத்தில் அசையாத சுவரில் நேராக மோதுவதற்குச் சமமான அதிர்ச்சி இருந்தால்தான் விரியும். நின்றுகொண்டிருக்கும் அதே எடைக் காரில் மோதினால், அந்தக் காரும் நகர்ந்து நசுங்கிக் கொடுக்கும்; அதனால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாக இருந்தால்தான் அதே அதிர்ச்சி. வாய்க்காலில் சறுக்கி இறங்கினால் பானட், விளக்கு, ரேடியேட்டர் எல்லாம் போய்விட்டது போல் தெரியும், ஆனால் வேகம் மெல்லத்தான் குறைந்திருக்கும்.

செம்பனை மரத்திலோ மின்கம்பத்திலோ நடு மூக்கு மோதுவது சற்றுச் சிக்கலானது. இரண்டு நீள் சட்டங்களுக்கும் நடுவே மரம் புகுந்துவிடும். தொடக்கத்தில் மெல்லிய தகடுதான் நசுங்கும், உணரிக்கு அது மென்மையான மோதலாகத் தெரியும். மரம் இன்ஜினைத் தொட்டதும் கார் சட்டென்று நிற்கும். அதனால் பை தாமதமாக விரியலாம். அந்த இடைவெளியில் ஆளைப் பிடித்திருப்பது பெல்ட் மட்டும்தான்.

என் மனைவி குள்ளம். சீட்டை முன்னால தள்ளித்தான் ஓட்டுவாங்க. ஏர்பேக் முகத்துல அடிக்குமா?

அடிக்க வாய்ப்பு உண்டு, தவிர்க்கவும் முடியும். மூடியைக் கிழித்து வெளியே வரும் முதல் 5 முதல் 8 சென்டிமீட்டர்தான் மிக ஆபத்தான பகுதி. அங்கே பை மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல் பாயும். நெஞ்செலும்புக்கும் ஸ்டீயரிங் நடுவுக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்து ஒரு சாண் வையுங்கள், அதற்கு மேல் இன்னும் கொஞ்சம்.

முதலில் இருக்கையின் முதுகைக் கொஞ்சம் சாயுங்கள், பிறகு இருக்கையைப் பின்னே தள்ளுங்கள். கால் எட்டவில்லை என்றால் இருக்கை உயரத்தைக் கூட்டுங்கள். ஸ்டீயரிங்கைச் சாய்க்கும் வசதி இருந்தால் அது முகத்தைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்க்கும்படி இறக்குங்கள். கைகள் கடிகாரத்தில் 9, 3 இருக்கும் இடத்தில் இருக்கட்டும். ஸ்டீயரிங் மேல் கையைக் குறுக்கே போட்டு ஓட்டினால், பை அந்தக் கையையே முகத்தில் அடிக்கும்.

டேஷ்போர்டுல பிள்ளையார் வெச்சிருக்கோம். அது பிரச்சினையா?

பயணி பக்கத்து ஏர்பேக் மூடியின் மேல் இருந்தால் பிரச்சினைதான். அந்தப் பை 100 லிட்டருக்கும் மேல் கொள்ளும், டேஷ்போர்டின் மேல்பகுதி கிழிந்துதான் வெளியே வரும். மேலே ஒட்டிய பித்தளைச் சிலையோ, கல் சிலையோ, செண்ட் பாட்டிலோ, கைப்பேசிப் பிடியோ பக்கத்து இருக்கையில் இருப்பவர் முகத்தை நோக்கிப் பறக்கும். டேஷ்போர்டில் மெல்லிய கோட்டாலோ அச்சிட்ட எழுத்தாலோ மூடியின் எல்லை தெரியும். சாமி படத்தைச் சின்ன ஸ்டிக்கராக, ஓட்டுநர் மீட்டருக்கும் பயணி மூடிக்கும் நடுவே, ரேடியோவுக்கு மேல் ஒட்டுங்கள். மூடி மீது துணி விரிப்பதையும் தவிர்க்க வேண்டும்.

பின்னால உக்கார்ற பிள்ளைங்களுக்கு ஏர்பேக்கே இல்ல. மடியில வெச்சுக்கிட்டா போதாதா?

போதாது. மேலே சொன்ன மோதலில் காருக்குள் ஒவ்வொன்றும் எடையைப் போல் 20 மடங்கு ஆகும். 10 கிலோ குழந்தை 200 கிலோ ஆகும். எந்தத் தாயின் கையாலும் அதைப் பிடிக்க முடியாது. பெல்ட் போடாத அம்மா பின்னாலிருந்து வந்தால் குழந்தை முன் இருக்கைக்கும் அவருக்கும் நடுவே சிக்கிவிடும். முன்னால் இருப்பவரின் கணக்கும் கெட்டுப் போகும். பின்னாலிருந்து இருக்கை முதுகு இடித்துத் தள்ள, அவர் பெல்ட்டுக்கும் ஏர்பேக்குக்கும் நடுவே இரண்டு பேர் எடையோடு நசுங்குவார்.

மலேசியாவில் பின் இருக்கைக்கு பெல்ட் 2009 ஜனவரி 1 முதல் கட்டாயம், குழந்தை இருக்கை 2020 ஜனவரி 1 முதல் கட்டாயம். பின்நோக்கிய குழந்தை இருக்கையை ஏர்பேக் உள்ள முன் இருக்கையில் ஒருபோதும் வைக்கக் கூடாது. குழந்தையின் தலைக்குப் பின்புறம் பை விரியும் இடத்துக்குள்ளேயே இருக்கும்.

வயித்துல பிள்ளை இருக்கும்போது பெல்ட் போடலாமா அக்கா?

போடத்தான் வேண்டும். இடுப்புப் பட்டை வயிற்றுக்குக் கீழே, தொடையோடு ஒட்டி இடுப்பெலும்பில் படிய வேண்டும். தோள் மேல் வரும் பட்டை மார்பகங்களுக்கு நடுவே போய் வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். வயிற்றின் குறுக்கே பட்டை போனால் பிரிடென்ஷனர் இழுக்கும் விசை முழுவதும் வயிற்றில் விழும். 25 சென்டிமீட்டர் இடைவெளி பற்றி மேலே சொன்னது இங்கும் பொருந்தும், வயிறு வளர வளர இருக்கையைப் பின்னே நகர்த்துங்கள்.

செம்பனை லாரிக்குப் பின்னால மோதினவங்க காடி மூக்கு நல்லா இருக்கு, ஆனா ஆள் போயிட்டாங்க. அது எப்படி?

இதுவரை சொன்ன எல்லாமே ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: எதிரே இருப்பது காரின் நீள் சட்டங்களைத் தொட வேண்டும். அந்தச் சட்டங்கள் தரையிலிருந்து ஏறத்தாழ அரை மீட்டர் உயரத்தில் இருக்கும். குலை ஏற்றும் லாரியின் தளம் அதை விட வெகு உயரம். பிரேக் அடிக்கும்போது காரின் மூக்கு இன்னும் தாழும். பின்னால் தடுப்புக் கம்பி இல்லை என்றாலும், இருந்தும் துருப்பிடித்து வளைந்திருந்தாலும், பானட் தளத்துக்குக் கீழே வழுக்கிப் போகும். முதலில் இடிபடுவது முன்கண்ணாடியும் கூரைத் தூணும்.

அங்கே நசுங்கும் பகுதி வேலையே செய்யவில்லை. வேகம் மென்மையாகக் குறைவதால் உணரிக்கும் தாமதமாகவே தெரியும், பை விரியாமலும் போகலாம். விரிந்தாலும், அது தலையைத் தாங்க வேண்டிய இடத்தில் லாரியின் விளிம்பு இருக்கும். எந்தக் காரில் எத்தனை ஏர்பேக் இருந்தாலும் இதற்குப் பதில் இல்லை. இருட்டில், தூசியில், பின்விளக்கு மங்கிய லாரிக்குப் பின்னால் குறைந்தது 3 வினாடி இடைவெளி விட்டு ஓட்டுவதுதான் கையில் உள்ள வழி. லாரி ஓர் அடையாளத்தைக் கடந்ததும் எண்ணத் தொடங்குங்கள். அந்த அடையாளத்தை நீங்கள் கடக்க 3 வினாடி ஆக வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் காடி வாங்குறேன். ஏர்பேக் உண்மையா இருக்கான்னு எப்படிப் பாக்குறது?

இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்து, சில வினாடி கழித்துத் தானாக அணைய வேண்டும். எரிந்தே இருந்தால் கோளாறு. அந்த நிலையில் மோதினால் பை விரியும் என்று நம்ப முடியாது. எரியவே இல்லை என்றால் அதை விட மோசம், யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம். சிலர் அந்தக் கம்பியை ஆயில் விளக்கோடு இணைத்துவிடுவார்கள். அப்போது இன்ஜின் கிளம்பும் அதே கணத்தில் இரண்டும் சேர்ந்து அணையும். சரியான கார் என்றால் இன்ஜினைக் கிளப்பாமலே ஏர்பேக் விளக்கு அணைந்திருக்கும்.

பிறகு முன் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். அடியில் ஒரு துணி லேபிள் இருக்கும், அதில் தயாரித்த தேதி இருக்கும். கார் 2015, பெல்ட் 2021 என்றால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. நாடாவில், பக்கிள் நாக்கு உட்காரும் இடத்தில் பளபளப்பாக உருகிய கோடு தெரிந்தால் அது பலமான மோதலைத் தாங்கிய பெல்ட். இரு பக்கிளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒன்று தாழ்ந்திருந்தால் அதன் பிரிடென்ஷனர் ஏற்கனவே வெடித்துவிட்டது. கடைசியாகப் பட்டறையில் ஸ்கேனர் போட்டு ஏர்பேக் பெட்டியைப் படிக்கச் சொல்லுங்கள். விளக்கை ஏமாற்ற, பைக்குப் பதில் 2, 3 ஓம் மின்தடை ஒன்றைச் சொருகிவைப்பவர்களும் உண்டு. அதை ஸ்கேனரும் கண்டுபிடிக்காது, மூடியைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

மோதின பிறகு ஹாஃப்-கட் கடையில பை, பெல்ட் எல்லாம் மலிவா கிடைக்குது. போடலாமா?

வேண்டாம் என்பதுதான் எங்கள் பதில். அந்தப் பை வெள்ளத்தில் கிடந்ததா, எத்தனை வருடம் வெயிலில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பெல்ட் உருளைகளில் முறுக்குக் கம்பியின் தடிமன் வேறாக இருக்கலாம். மேலே சொன்னபடி பெல்ட் விட்டுக் கொடுக்கும் அளவும் பையும் ஒன்றுக்கொன்று பொருந்தியவை, கலந்து போட்டால் அந்தப் பொருத்தம் போகும். மோதலில் விரிந்த பிறகு பை, பிரிடென்ஷனர், பெரும்பாலான கார்களில் கட்டுப்பாட்டுப் பெட்டி, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள சுருள் கம்பி, இவை புதிதாக வர வேண்டும்.

மூக்கு வேலையிலும் இதே கவனம் வேண்டும். வளைந்த நீள் சட்டத்தைச் சூடு காட்டித் தட்டி நிமிர்த்தினால் பார்க்க நேராக இருக்கும், ஆனால் உயர்வலு எஃகு சூட்டில் வலுவிழந்துவிடும். அடுத்த மோதலில் அது தவறான இடத்தில் மடியும், உணரிக்குப் போகும் அதிர்ச்சியும் மாறிவிடும். பம்பருக்குப் பின்னால் உள்ள பெட்டித் துண்டு நசுங்கியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். உள்ளே பூசி, வெளியே பெயின்ட் அடித்து மூடக் கூடாது. இரும்பு புல் பாரைச் சட்டத்தில் திருகிவைப்பதும் இதே வகைத் தவறு: நசுங்க வேண்டிய இடத்தைத் தடுத்து, அதிர்ச்சியின் வடிவத்தை மாற்றுகிறது.

வேலை செய்யும் தம்பிகளுக்கு ஒன்று. மஞ்சள் நிற இணைப்பானைத் தொடும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, அந்தக் காரின் கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டி தனக்குள் மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருக்கும். பையின் முனைகளில் மீட்டர் வைத்து ஓம் அளக்காதீர்கள். கழற்றிய பையை மூடி மேல் நோக்கி இருக்கும்படி வையுங்கள், கவிழ்த்து வைத்தால் விரியும்போது முழுத் துண்டும் மேலே பறக்கும்.

தக்காட்டா பை பத்தி கேள்விப்பட்டேன். நம்ம ஊருல என்ன பயம்?

தக்காட்டா நிறுவனம் தயாரித்த பல பைகளில் வாயு உண்டாக்க அமோனியம் நைட்ரேட் பயன்பட்டது. ஈரப்பதமும் வெப்பமும் பல வருடம் மாறி மாறித் தாக்கினால் அந்த மருந்து சிதைந்து, தேவைக்கு அதிக வேகத்தில் எரியும். அப்போது உலோகக் கூடே உடைந்து துண்டுகள் ஆள் மீது பாயும். நம்முடையது வருடம் முழுவதும் வெப்பமும் ஈரமும் உள்ள நாடு, அதனால் இங்கே இந்த ஆபத்து கூடுதல். மலேசியாவிலும் இதனால் உயிர் போயிருக்கிறது. பழைய காரைச் சும்மா நிறுத்தி வைத்திருந்தாலும் மருந்து சிதையும், ஓட்டுவதால் மட்டும் அல்ல.

கிராண்டில் உள்ள சேசிஸ் எண்ணை எடுத்துக்கொண்டு அந்தக் கார் நிறுவனத்தின் இணையப் பக்கத்திலோ சேவை மையத்திலோ காட்டுங்கள். உங்கள் கார் திரும்ப அழைக்கப்பட்ட பட்டியலில் இருந்தால் பையின் வாயு உருளையைக் கட்டணம் இல்லாமல் மாற்றிக் கொடுப்பார்கள். கார் இரண்டாம் கை, மூன்றாம் கை என்றால் கடிதம் பழைய உரிமையாளர் முகவரிக்குத்தான் போயிருக்கும். ஹாஃப்-கட் கடையில் வாங்கிய பை என்றால் அது எந்தக் காரின் சேசிஸ் எண்ணோடு வந்தது என்பதே தெரியாது, அதைப் பட்டியலில் தேடவும் வழி இல்லை.